கல்யாண ஆல்பத்தில் கிடைத்த காளை

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா போன் செய்தார். "பாப்பா, தையில நம்ம கோயில் கும்பாபிஷேகம். ஆவணியில பாலாலயம் முடிஞ்சதும் கோபுரத்துக்குச் சாரம் கட்டிடுவாங்க. அதுக்கு முன்னாடி நீ வந்து போட்டோ எடுத்து, என்னென்ன பொம்மை இருக்கு, எதெது உடைஞ்சிருக்குன்னு எழுதிக் குடுத்துடும்மா. திருப்பணிக் கமிட்டியில கேக்குறாங்க."

பழைய கட்டடங்களை அளந்து படம் போடுவதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். ஆனாலும் சொந்த ஊர்க் கோபுரத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில், வயலுக்கு நடுவே ஐந்து நிலையோடு நிற்கும் சிவன் கோயில் கோபுரம் அது. சின்ன வயதில் அதன் நிழலில்தான் பாண்டி ஆடுவோம். பேரே தெரியாமல் அதிலிருக்கும் பொம்மைகளையெல்லாம் பார்த்து வளர்ந்திருக்கிறேன்.

கமிட்டி கேட்டதற்கு எங்கள் தொழிலில் 'நிலைக் குறிப்பு' என்று பெயர். தமிழில் இந்தச் சொல் அழகாக அமைந்துவிட்டது. கோபுரத்தின் அடுக்குக்கும் நிலை என்றுதான் பெயர், உடம்பு எப்படி இருக்கிறது என்பதற்கும் நிலை என்றுதான் பெயர். எந்த நிலையில் என்ன இருக்கிறது, அது எந்த நிலையில் இருக்கிறது, இரண்டையும் எழுத வேண்டும். வைத்தியம் சொல்லக் கூடாது. டாக்டரிடம் போவதற்கு முன்னால் எடுக்கும் எக்ஸ்ரே மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு துண்டுக் காகிதத்துக்கு இவ்வளவு முக்கியத்துவமா என்று கேட்பவர்களிடம் நான் காளஹஸ்தியைச் சொல்வது வழக்கம். கிருஷ்ணதேவராயர் 1516-ல் கட்டிய ஏழு நிலை ராஜகோபுரம் 2010 மே 26 அன்று சாயங்காலத்துக்குப் பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டது. முன்னறிவிப்பு இல்லாமல் நடந்ததல்ல. கோபுரத்தில் விரிசல் இருப்பது எல்லோருக்கும் தெரியும். கடைசி நாட்களில் அது கண்ணெதிரே அகன்றதால்தான் அக்கம்பக்கத்து ஆட்களை அப்புறப்படுத்தினார்கள். விரிசல் இருக்கிறது என்று சொல்ல எல்லோராலும் முடியும். போன வருஷம் இவ்வளவு இருந்தது, இந்த வருஷம் இவ்வளவு ஆகியிருக்கிறது என்று சொல்வதற்கு, போன வருஷமே யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஒரு புள்ளிக்கு ஐந்து மில்லிமீட்டர்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிழக்கு வாசல் எதிரில் நின்றேன். பெரிய கேமரா கொண்டுவரவில்லை, கையில் இருந்தது செல்போன்தான். கிழக்கு முகத்தைக் காலையில் எடுத்தால் வெயில் நேராக விழும், நிறங்கள் நன்றாகத் தெரியும். அதே முகத்தைப் பதினொரு மணிக்கு மறுபடியும் எடுத்தேன். அப்போது சூரியன் உச்சிக்கு ஏறிவிடுகிறது, வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு மேலிருந்து கீழே வழிகிறது. காரை எங்காவது உப்பியிருந்தால் அதற்குக் கீழே நிழல் விழுந்து காட்டிக் கொடுத்துவிடும். காலைப் படத்தில் சமதளமாகத் தெரிந்த இரண்டாம் நிலைக் கபோதம், அதாவது முன்னால் வளைந்து நீட்டியிருக்கும் அந்தத் தாழ்வாரம், பதினொரு மணிப் படத்தில் ஓரிடத்தில் வயிறு தள்ளி நின்றது.

படம் எடுத்தவுடன் நான் செய்வது ஒரு கணக்கு. இதைச் செய்யாமல் யாரும் குறிப்பு எழுதக் கூடாது என்பேன். எங்கள் கோபுரத்தின் அடிப்பகுதி அகலத்தை டேப் வைத்து அளந்தேன், 12 மீட்டர். என் போன் படத்தில் அந்த அகலம் 2,400 புள்ளிகளுக்கு நீண்டிருந்தது. 12 மீட்டரை 2,400-ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு ஐந்து மில்லிமீட்டர். இதன் அர்த்தம் என்ன? தலைமுடி அளவு விரிசல், ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் விரிசல் எதுவும் இந்தப் படத்தில் தெரிய வாய்ப்பே இல்லை. ஆகவே 'விரிசல் இல்லை' என்று நான் எழுத முடியாது. 'இந்தப் படத்தில் விரிசல் தெரியவில்லை. ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்தவை தெரியாது' என்றுதான் எழுத முடியும். மேலே போகப் போகத் தூரம் கூடுவதால் ஒரு புள்ளிக்கு ஏழு, எட்டு மில்லிமீட்டர் ஆகிவிடும். சந்தேகப்படும் இடங்களை எதிர்வீட்டு மொட்டை மாடியிலிருந்து நெருக்கி எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு பொறி உண்டு. அண்ணாந்து எடுத்த படத்தில் எந்தக் கோபுரமும் பின்னால் சாய்ந்த மாதிரியும், மேல் நிலைகள் நசுங்கின மாதிரியும் தெரியும். அது கேமராவின் சாய்வு. அதைப் பார்த்துவிட்டுக் 'கோபுரம் சாய்ந்திருக்கிறது' என்று எழுதி ஊரைக் கலவரப்படுத்தியவர்களை எனக்குத் தெரியும்.

நிலையை எண்ணுவது

ஐந்து நிலைக் கோபுரம் என்று ஊரில் சொன்னாலும் நாமே எண்ணிப் பார்த்துவிட வேண்டும். கீழே வாசலோடு இருக்கும் கருங்கல் பகுதியைக் கல்ஹாரம் என்பார்கள். தேர் போகும் உயரத்துக்கு நிற்கும் அந்தக் கல் பகுதி நிலைக் கணக்கில் வராது. அதற்கு மேல்தான் செங்கல். பெரும்பாலான தமிழ்நாட்டுக் கோபுரங்கள் இப்படித்தான்: கீழே கருங்கல், மேலே செங்கல்லும் சுண்ணாம்பும், அதன் மேல் சுதை வேலை. கனம் குறைய வேண்டும் என்பதற்காக நம் ஆட்கள் கண்டுபிடித்த வழி.

செங்கல் பகுதியில் ஒவ்வொரு நிலைக்கும் நடுவில் ஒரு திறப்பு இருக்கும். தூரத்திலிருந்து ஜன்னல் மாதிரி தெரியும் அந்த வாசலை எண்ணினால் நிலை கிடைத்துவிடும். எங்கள் கோபுரத்தில் ஐந்து திறப்பு. கடைசித் திறப்புக்கு மேல் கூண்டு வண்டிக் கூரை மாதிரி நீளவாக்கில் படுத்திருக்கும் சிகரம், அதன் இரண்டு முனையிலும் வாயைப் பிளந்த கீர்த்திமுகம், முதுகில் வரிசையாக ஐந்து கலசம். தெற்குக் கோடிக் கலசம் மட்டும் லேசாகத் தெற்கே சாய்ந்திருந்தது. கலசத்தைத் தாங்கும் மரத்தண்டு உளுத்துப் போயிருக்கலாம், அடியில் காரை விட்டிருக்கலாம். எது என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. 'சாய்வு உண்டு, காரணம் ஏறிப் பார்க்க வேண்டும்' என்று எழுதினேன்.

அடுத்தது பொம்மைகளுக்கு எண் கொடுப்பது. முகத்தின் முதலெழுத்து, நிலை, பார்ப்பவருக்கு இடமிருந்து வலமாக வரிசை எண். கி-3-7 என்றால் கிழக்கு முகம், மூன்றாம் நிலை, ஏழாவது சிற்பம். இது ரொம்பச் சாதாரண விஷயம்தான். ஆனால் இது இல்லாததால் 'மேலே இருக்கிற முருகருக்குப் பக்கத்து அம்மன்' என்று எழுதிய பட்டியல்களை வைத்துக்கொண்டு சாரத்தில் நிற்கிற ஸ்தபதிகள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

கி-3-7

கமிட்டியிடம் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது. வண்ண வேலைக்கு வந்த மேஸ்திரி சுற்றிப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தது. அதில் கி-3-7 இருக்கும் இடத்துக்கு நேராக இப்படி இருந்தது: 'கிருஷ்ணர். புல்லாங்குழல் உடைந்துவிட்டது. புதிதாக வைக்க வேண்டும்.'

சிவன் கோயில் கோபுரத்தில் கிருஷ்ணர் இருக்கக் கூடாது என்றில்லை, இருக்கும். மேஸ்திரி ஏன் அப்படி நினைத்தார் என்றும் புரிந்தது. ஒரு காலை ஊன்றி, மறு காலைக் குறுக்கே மடித்து, விரல் நுனி மட்டும் தரையைத் தொட நிற்கும் உருவம். முகத்தில் பழைய நீல வண்ணம். குழலூதும் கண்ணன் அப்படித்தான் நிற்பார்.

ஆனால் என்ன பெயர் என்று முடிவு செய்துவிட்டுப் பார்ப்பது எங்கள் வேலையில் பெரிய தப்பு. முதலில் பார்த்ததை எழுத வேண்டும், பெயர் கடைசியில் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். அதனால் நெருக்கிய படத்தை வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். நின்ற கோலம், உயரம் சுமார் ஒரு மீட்டர். இரண்டு கை. இடது கை இடுப்பில் ஊன்றியிருக்கிறது. இந்த இடத்திலேயே எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. குழலூத இரண்டு கையும் வேண்டுமே! வலது கை முழங்கையில் மடங்கி, பக்கவாட்டில் நீண்டு, எதன் மீதோ சாய்ந்திருப்பது போல அந்தரத்தில் நிற்கிறது. தலையில் கிரீடம் இல்லை. தலைப்பாகை போலச் சுற்றிக் கட்டிய சடை.

அந்தரத்தில் சாய்ந்திருக்கும் கை. தஞ்சாவூர் கலைக்கூடத்துக்குப் போனவர்களுக்கு இதைப் படித்ததும் ஒன்று ஞாபகம் வந்திருக்கும். திருவெண்காட்டில் கிடைத்த, 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்த ரிஷபவாகனர் செப்புத் திருமேனி. சடையைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, காலைக் குறுக்கே வைத்து, ஒரு கையைக் காளையின் மேல் போட்டுக்கொண்டு நிற்கிறார் சிவன். காளை மட்டும் இல்லை, அது தொலைந்துபோய்விட்டது. கை மட்டும் காற்றில் சாய்ந்திருக்கிறது.

படத்தை இன்னும் பெரிதாக்கினேன். உருவத்தின் வலப்பக்கம் சுவரில், இடுப்பு உயரத்தில், துருப்பிடித்த ஒரு கம்பி நுனி நீட்டிக்கொண்டிருந்தது. சுதைப் பொம்மைக்குள் எலும்பு மாதிரி கம்பி வைத்துத்தான் கட்டுவார்கள். கம்பி இருந்தால் அங்கே ஒரு பொம்மை இருந்திருக்கிறது. கீழே, காலடிப் பலகையில், சின்னச் சின்னதாக இரண்டு மேடு. குளம்பு என்று சொன்னால் குளம்பு, காரைக் கட்டி என்று சொன்னால் காரைக் கட்டி.

மாமாவிடம் காட்டினேன். "கிருஷ்ணர்னு இத்தனை வருஷமா கும்பிட்டிருக்கோம், பாப்பா" என்றார். "மாமா, காளை இருந்துச்சான்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா?" யாருக்கும் இல்லை. அத்தைதான் அடுப்படியிலிருந்து சொன்னார்: "நம்ம கல்யாணப் போட்டோவுல கோபுரம் இருக்குமே!"

1983-ல் எடுத்த படம். மாலையும் கழுத்துமாக மாமாவும் அத்தையும் சந்நிதித் தெருவில் நிற்கிறார்கள். பின்னால் கோபுரம் முழுசாக இருக்கிறது. மூன்றாம் நிலை உருவம் அந்தப் படத்தில் ஒரு மிளகு உயரம்தான். கும்பகோணத்துக்குக் கொண்டுபோய் ஸ்டுடியோவில் ஸ்கேன் எடுத்துப் பெரிதாக்கினோம். கி-3-7 நிற்கிறார். அவருடைய வலது கைக்குக் கீழே வெள்ளையாக ஒரு முதுகு, அதன் மேல் தெளிவாக ஒரு திமில். தலைப்பக்கத்தைத் தெருவிளக்குக் கம்பத்தின் வளைந்த கை மறைத்துவிட்டது.

குறிப்பில் எழுதியது இதுதான்: 'கி-3-7. நின்ற உருவம், இரு கை, குறுக்கிட்ட கால், சடைத் தலைப்பாகை. இடக்கை இடுப்பில். வலக்கை சாய்ந்த நிலையில், தாங்கல் இல்லை. அருகில் துருவேறிய கம்பி ஒன்று. 1983 புகைப்படத்தில் இவ்விடத்தில் திமிலுள்ள விலங்கு தெரிகிறது. ரிஷபத்தின் மீது சாய்ந்த சிவன் எனக் கருத இடமுண்டு. குழல் இருந்ததற்கு அடையாளம் இல்லை. விலங்கின் தலை எத்திசை நோக்கியது என்பது தெரியவில்லை.' அந்தக் கடைசி வரி பின்னால் வேலைக்கு ஆயிற்று.

உங்கள் வீட்டு ஆல்பத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கல்யாணம், காதுகுத்து, தேர்த் திருவிழா என்று எடுத்த படங்களில் பின்னணியில் நிற்கும் கோபுரத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்று வைத்துக்கொண்டால், 1983-லிருந்து எங்கள் கோபுரம் மூன்று முறை பூசி வண்ணம் அடிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் எதுவோ கொஞ்சம் மாறியிருக்கிறது.

வெயிலும் மழையும் எழுதியது

பொம்மைகள் முடிந்ததும் சிதைவு. இங்கேயும் அதே விதி. முதலில் என்ன நிறம், எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று எழுத வேண்டும். காரணம் பிறகு.

நம் பக்கத்தில் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருகிறது. கிழக்கு முகமும் வடக்கு முகமும் அதை வாங்கிக்கொள்கின்றன. கிழக்கு முகம் மறுநாள் காலை வெயிலில் காய்ந்துவிடும். வடக்கு முகத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, மார்கழியில் சூரியன் தெற்கே போய்விடுவதால் அதன் மேல் வெயில் விழுவதே இல்லை. எங்கள் கோபுரத்திலும் அதுதான். வடக்கு முகத்தின் கபோதங்களுக்கு மேலே பச்சையும் கருப்புமாகப் பாசி, தெற்கு முகத்தில் பாசியே இல்லாமல் வெயிலில் சுண்ணாம்பாக வெளிறின வண்ணம். வடக்குப் பாசி பார்க்க அசிங்கமாக இருந்தாலும் அது அவ்வளவு பெரிய விஷயமல்ல. மேலிருந்து கீழே கோடாக இறங்கும் கறுப்புத் தாரையும் பெரும்பாலும் தண்ணீர் வழியும் தடம்தான்.

என்னைக் கவலைப்பட வைத்தது கிழக்கு முகம் இரண்டாம் நிலை, அந்த வயிறு தள்ளிய கபோதம். அதைச் சுற்றி ஓரத்தில் மட்டும் வெள்ளையாக மாவு தூவின மாதிரி ஒரு கோடு. பக்கத்தில் எங்கும் இல்லை. மாமாவிடம் கேட்டேன். போன கும்பாபிஷேகத்தின்போது அந்தத் துண்டு விழுந்ததாகவும், சிமென்ட்டில் கட்டிச் சேர்த்ததாகவும் சொன்னார்.

பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். மணலும் சுண்ணாம்பும் சேர்த்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டு அரைத்த காரை. அது ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் விட்டுவிடும். சிமென்ட் அப்படி விடாது. சுவருக்குள் போன மழைத் தண்ணீர் சிமென்ட்டின் பின்னால் மாட்டிக்கொண்டு, ஓரமாக வழி தேடும். வெளியே வந்து காயும் இடத்தில், கூடவே கரைத்துக்கொண்டு வந்த உப்பை விட்டுவிட்டுப் போகும். அந்த வெள்ளைக் கோடு அதுதான். உப்பு உள்ளேயே படிகமாகும்போது காரையைப் பொடியாக்கும். சிமென்ட் ஒட்டு கெட்டியாக நிற்கும், அதைப் பிடித்திருக்கும் பழைய சுவர் உதிரும். கடைசியில் ஒட்டு மொத்தமாக விழும். வாசலுக்கு நேர் மேலே இருக்கும் துண்டு அது. கீழே தினமும் பூக்காரம்மா உட்கார்ந்திருக்கிறார். குறிப்பில் இதற்கு மட்டும் 'அவசரம்' என்று எழுதி, அன்றைக்கே மாமாவிடம் சொல்லி அந்த அம்மாவைக் கொட்டகைப் பக்கம் உட்காரச் சொன்னோம்.

கம்பியா, விரிசலா

மூன்றாம் நிலையில் எனக்கு இரண்டு கோடு தெரிந்தது. ஒன்று கறுப்பாக, நீளமாக, இடது ஓரத்தில் மேலிருந்து கீழே. இன்னொன்று நடுத் திறப்பின் வலது மேல் மூலையிலிருந்து கிளம்பி மேலே ஏறி, நான்காம் நிலைக் கபோதத்துக்கு அடியில் மறைகிறது.

முதல் கோடு பயமுறுத்தியது. ஆனால் படத்தைப் பெரிதாக்கினால் அது பொம்மையின் முன்னாலும் போகிறது, கபோதத்தின் விளிம்பைத் தாண்டி ஆகாயத்திலும் தெரிகிறது. விரிசல் சுவரை விட்டு ஆகாயத்துக்குப் போகாது. அது இடிதாங்கியின் கம்பி. நிழலாக இருந்தால் பதினொரு மணிப் படத்தில் நகர்ந்திருக்கும், இது நகரவில்லை. விரிசல் என்று ஒரு பேப்பரில் எழுதிவிட்டால் அது பத்துப் பேப்பருக்குப் போகும். அதனால் இதை இரண்டு தடவை பார்ப்பது நல்லது.

இரண்டாவது கோடு அப்படியல்ல. நேராகப் போகவில்லை, செங்கல் வரிசைக்கு ஏற்ப படிப்படியாக ஏறியது. வண்ணத்தையும் வளைவையும் வெட்டிக்கொண்டு போனது. மாடியிலிருந்து எடுத்த நெருக்கப் படத்தில் இரண்டு, மூன்று புள்ளி அகலம். அந்தப் படத்தில் புள்ளிக்கு நான்கு மில்லிமீட்டர். அப்படியென்றால் எட்டிலிருந்து பன்னிரண்டு மில்லிமீட்டர் வரை இருக்கலாம். கோடு மறையும் இடத்துக்கு மேலே, நான்காம் நிலையில், பார்க்க அழகாக ஓர் அரசங்கன்று இரண்டடி உயரத்துக்கு வளர்ந்திருந்தது. பறவை எச்சத்தில் விழுந்த விதை.

"நாளைக்கே ஆளை ஏத்தி அந்தக் கன்னைப் பிடுங்கிடுறேன்" என்றார் மாமா. வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டடிக் கன்றுக்கு உள்ளே வேர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியாது. பிடுங்கினால் வேர் பிடித்திருக்கும் செங்கல்லும் கூடவே வரும். மேலே வெட்டிவிட்டு, வெட்டுவாயில் மருந்து வைத்து வேரைச் சாகவிட்டு, பிறகு காரையைத் திறந்து எடுக்க வேண்டும். வெறுமனே வெட்டினால் ஒரே மழையில் நாலு கிளையாகத் துளிர்க்கும்.

குறிப்பில் நான் எழுதியது: 'கி-3, நடுத் திறப்பின் வலது மேல் மூலையிலிருந்து படிக்கட்டு வடிவ விரிசல். படத்திலிருந்து மதிப்பிட்ட அகலம் 8 முதல் 12 மி.மீ., அளக்கவில்லை. மேலே அரச மரக் கன்று. உட்புறம் பார்க்கவில்லை. சாரம் கட்டுமுன் கட்டமைப்புப் பொறியாளர் பார்க்க வேண்டும்.' திறப்பின் மூலையில் விரிசல் ஆரம்பித்தால், திறப்புக்கு மேல் உள்ளே போட்டிருக்கும் மர உத்திரத்தைச் சந்தேகப்பட வேண்டும். ஆனால் அதைக் குறிப்பில் எழுதவில்லை, அது என் ஊகம். பொறியாளரிடம் வாயால் சொன்னேன்.

ஆவணியில் வந்தார். ஓய்வுபெற்ற பெரியவர். டார்ச்சோடு உள்ளேயிருக்கும் ஏணியில் ஏறி, வௌவால்களைக் கும்பிட்டு வழிவிடச் சொல்லி, மூன்றாம் நிலைக்குப் போய்ப் பார்த்தார். உத்திரத்தின் வலது முனை, சுவருக்குள் உட்கார்ந்திருக்கும் இடம், கையால் அழுத்தினால் பொடியாயிற்று. விரிசலின் குறுக்கே மூன்று இடத்தில் மெல்லிய கண்ணாடிப் பட்டையைக் காரை வைத்து ஒட்டி, தேதி எழுதிவிட்டு இறங்கினார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், எளிமையான ஏற்பாடு. "ஒரு மழைக்காலம் முழுசா பாக்கணும் சார்" என்று கமிட்டியிடம் சொன்னார். "தையில கும்பாபிஷேகம் வச்சிருக்கோமேய்யா" என்றார்கள். அவர் பதில் சொல்லவில்லை.

ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் காலை மாமா போட்டோ அனுப்பினார். மேலே இருந்த பட்டை இரண்டாக உடைந்திருந்தது, கீழே இரண்டும் முழுசாக இருந்தன. விரிசல் மேல்பக்கம் திறக்கிறது என்று அர்த்தம். கும்பாபிஷேகம் வைகாசிக்குத் தள்ளிப்போயிற்று. ஊரில் சிலர் மாமாவோடு பேசவில்லை, ஒரு கல்யாணத்துக்குக்கூட அவரை அழைக்கவில்லை. கிழக்கு முகத்தில் வண்ண வேலையை நிறுத்தி வைத்துவிட்டு, உள்ளே முட்டுக் கொடுத்து, உத்திரத்தை மாற்றினார்கள். அரசங்கன்றின் வேர் கட்டைவிரல் கனத்தில் மூன்றடி உள்ளே ஓடியிருந்தது.

பங்குனியில் ஸ்தபதி காளையைக் கட்ட ஆரம்பிக்கும்போதுதான் அந்தக் கடைசி வரி பிரச்னை வந்தது. தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்? அவர் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல தெரியலைன்னு போட்டிருக்கே" என்றார். கமிட்டி கோயில் வாசலில் ஒரு போர்டு எழுதி வைத்தது: கோபுரம் தெரிகிற பழைய போட்டோ இருப்பவர்கள் கொண்டுவரவும். பதினேழு படம் வந்தன. பதினாறில் தெருவிளக்குக் கம்பம் அதே இடத்தில் நின்றது. பதினேழாவது, கம்பம் நடுவதற்கு முன்னால் எடுத்த ஒரு பள்ளிக்கூட குரூப் போட்டோ. காளை தலையைத் திருப்பி, தன் மேல் சாய்ந்திருப்பவரின் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.